மருந்தின் தூக்கமா, நோயின் தூக்கமா: பார்க்கின்சன் நோயில் கேள்வித்தாள்களைக் கையாளும் முறை

பார்க்கின்சன் நோயாளி பகலில் கண் அசருவதற்கு நோயும் காரணமாக இருக்கலாம், அதற்குக் கொடுக்கும் மருந்தும் காரணமாக இருக்கலாம். பல வீடுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். மூளையில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் நரம்பணுக்களில் ஒரு பகுதி இந்த நோயில் அழிகிறது. ஹைப்போகிரெட்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்களும் அவற்றில் அடக்கம் என்று 2007-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. இன்னொரு பக்கம், நடுக்கத்தையும் விறைப்பையும் குறைப்பதற்காகக் கொடுக்கப்படும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகளும் தூக்கத்தை வரவழைக்கின்றன. இவை டோபமைனைப் போலவே மூளையில் வேலை செய்பவை. இவற்றைச் சாப்பிட்டுவந்த எட்டுப் பேர் வண்டி ஓட்டும்போதே தூங்கி விபத்துக்குள்ளானதை அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள் 1999-இல் பதிவு செய்தார்கள். மருத்துவ உலகம் இந்தப் பக்கவிளைவைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

காரணம் மருந்து என்றால் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம். காரணம் நோய் என்றால் மருந்தைக் குறைப்பதால் தூக்கம் குறையாது, கை கால் விறைப்புதான் கூடும். ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மாத்திரையில் கை வைப்பது நோயாளிக்குக் கெடுதல். பிரித்துப் பார்க்க உதவும் எளிய கருவி தூக்கக் கலக்கக் கேள்வித்தாள். அதில் ஒரு முறை கிடைக்கும் மதிப்பெண் தூக்கம் எவ்வளவு என்று மட்டுமே சொல்லும், எதனால் என்று சொல்லாது. அதே தாளைத் தக்க நாட்களில் திரும்பத் திரும்ப நிரப்பி, மருந்து மாறிய தேதிகளோடு பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் காரணம் தெரியவரும்.

எப்வொர்த் தாள்: சில வாரங்களின் கணக்கு

உலகெங்கும் அதிகம் பயன்படுவது எப்வொர்த் தூக்கக் கலக்க அளவுகோல். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரின் எப்வொர்த் மருத்துவமனையில் பணியாற்றிய மரே ஜான்ஸ் என்ற மருத்துவர் இதை 1991-இல் வெளியிட்டார். இதில் எட்டுச் சூழல்கள் இருக்கின்றன: உட்கார்ந்து படிப்பது, தொலைக்காட்சி பார்ப்பது, கூட்டம் அல்லது திரையரங்கு போன்ற பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது, நிற்காமல் ஒரு மணி நேரம் காரில் பயணியாகப் போவது, பிற்பகலில் வசதி கிடைக்கும்போது படுப்பது, உட்கார்ந்து ஒருவரோடு பேசுவது, மது அருந்தாமல் மதியம் சாப்பிட்டபின் அமைதியாக உட்கார்ந்திருப்பது, போக்குவரத்தில் கார் சில நிமிடம் நிற்கும்போது அதில் இருப்பது. ஒவ்வொரு சூழலிலும் கண் அசர எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் இட வேண்டும். அசரவே மாட்டேன் என்றால் 0, கொஞ்சம் வாய்ப்பு 1, நடுத்தர வாய்ப்பு 2, அதிக வாய்ப்பு 3. மொத்தம் 24. பத்து வரை இயல்பு என்றும், 11-இலிருந்து மிகை என்றும், 16-க்கு மேல் கடுமை என்றும் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மேலே இருப்பது கேள்விகளின் சாரம்தான். மூல வாசகத்துக்குப் பதிப்புரிமை உண்டு என்பதால் மருத்துவமனை தரும் தாளையே நிரப்ப வேண்டும்.

இந்தத் தாளை நிரப்புவதில் மூன்று இடங்களில் பிசகு வருகிறது. முதலாவது, கேட்கப்படுவது களைப்பு அல்ல. பார்க்கின்சன் நோயில் உடம்பு ஓய்ந்துபோவது மிகச் சாதாரணம். நாள் முழுக்க அசதியாக நாற்காலியில் சாய்ந்திருந்தும் ஒரு நிமிடம்கூடத் தூங்காதவர் எல்லாக் கேள்விக்கும் 0 போட வேண்டியவர். அவர் 2, 3 என்று போட்டுவிட்டால் மருத்துவர் இல்லாத தூக்கத்துக்கு வைத்தியம் செய்யத் தொடங்குவார். தாளைக் கொடுப்பவர், “அந்த நேரத்துல கண்ணு மூடித் தூங்கிப் போயிடுவீங்களா?” என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டு வாங்கினால் இந்தப் பிசகு பெரும்பாலும் நீங்கும்.

இரண்டாவது, அந்தச் சூழல் அண்மையில் நேராவிட்டாலும் கேள்வியைத் தாண்டிச் செல்லக் கூடாது. நேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து எழுத வேண்டும் என்பது தாளிலேயே உள்ள அறிவுரை. காரே ஏறாதவர் பேருந்துப் பயணத்தை நினைத்து விடை சொல்வது இயல்புதான். அப்படிச் சொன்னால் அதை ஓரத்தில் குறித்துக்கொண்டு, அடுத்த முறையும் பேருந்தையே நினைத்து எழுத வேண்டும். ஒரு முறை காரும் மறுமுறை பேருந்துமாக மாறினால் இரண்டு மதிப்பெண்களையும் ஒப்பிட முடியாது.

மூன்றாவது பிசகுதான் பெரியது. தூங்கியதே நோயாளிக்குத் தெரியாமல் போகலாம். உறக்க ஆய்வகத்தில் மூளை அலைக் கருவி பொருத்திப் பார்த்தபோது தெளிவாகத் தூங்கிய பார்க்கின்சன் நோயாளிகளில் சிலர், எழுப்பிக் கேட்டால் தூங்கவே இல்லை என்று சொன்னது பதிவாகியிருக்கிறது. அதனால் இந்த நோயில் இரண்டு தாள்கள் வேண்டும்: நோயாளி நிரப்புவது ஒன்று, கூடவே இருக்கும் மனைவியோ கணவனோ மகளோ தனியாக உட்கார்ந்து அவரைப் பற்றி நிரப்புவது இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் நான்கைந்து புள்ளி வித்தியாசம் இருந்தால், உடனிருப்பவர் தாளை அதிகம் நம்புவதே பாதுகாப்பு.

எண்ணைக் கூட்டி எழுதிவிட்டுத் தாளை மூடிவைப்பவர்கள் உண்டு. எட்டு விடைகளும் தனித்தனியே முக்கியம். பிற்பகலில் படுத்தால் தூக்கம் வருவது நல்ல உடல்நலம் உள்ளவருக்கும் நடக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதும் போக்குவரத்தில் நிற்கும்போதும் கண் அசருவது அப்படியல்ல. மொத்தம் 9 ஆக இருந்தாலும், பேசும்போது தூங்குவது என்ற வரியில் 2 இருந்தால் அந்த 9 இயல்பானது அல்ல.

கரோலின்ஸ்கா அளவு: இந்த நிமிடத்தின் கணக்கு

எப்வொர்த் தாள் கேட்பது அண்மைக் காலத்தை, அதாவது கடந்த சில வாரங்களின் வழக்கத்தை. மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் தூக்கம் வருகிறதா என்ற கேள்விக்கு அதில் இடம் இல்லை. அதற்கு வேறு அளவு வேண்டும். ஸ்வீடனில் உருவான கரோலின்ஸ்கா தூக்கக் கலக்க அளவுகோல் 1990-இல் வெளிவந்தது. இதில் ஒரே கேள்விதான்: கடந்த சில நிமிடங்களில் எப்படி இருந்தது? விடை 1 முதல் 9 வரை. 1 என்றால் முழு விழிப்பு, 5 என்றால் விழிப்பும் இல்லை தூக்கமும் இல்லை, 7 என்றால் தூக்கம் வருகிறது ஆனால் விழித்திருக்கச் சிரமப்பட வேண்டியதில்லை, 9 என்றால் தூக்கத்தோடு போராட வேண்டிய நிலை.

மூன்று நாட்கள், காலை 8 முதல் இரவு 8 வரை இரண்டு மணிக்கு ஒரு முறை இந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதினால் போதும். பக்கத்து நிரலில் மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், தூங்கியிருந்தால் எத்தனை நிமிடம் என்பவை இருக்க வேண்டும். எழுதும் நேரத்தில் ஆள் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பி எண் கேட்க வேண்டியதில்லை. ‘தூக்கம்’ என்றே எழுதலாம். அதைவிடத் தெளிவான பதில் எண்ணில் கிடைக்காது.

சாதாரண பிராமிபெக்சோல் மாத்திரையின் அளவு இரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது சுமார் இரண்டு மணி நேரத்தில். பாதியாகக் குறைய எட்டு மணி நேரம் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதல். ஆகவே ஒவ்வொரு வேளைக்கும் பிறகு எண் ஏறி, பிறகு மெல்ல இறங்கும் வடிவத்தை எதிர்பார்க்கலாம். அடிக்குப் போகாமல் பாதி வழியில் மறுபடி ஏறும், ஏனென்றால் முந்தைய வேளையின் மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறது. நாள் ஒன்றுக்கு ஒரு முறை போடும் நீடித்து வெளிவிடும் வகை மாத்திரைக்கு இந்த ஏற்ற இறக்கம் மிகவும் தட்டையாகிவிடும். அந்த வகையைச் சாப்பிடுபவரின் நோட்டில் மேடு பள்ளம் இல்லை என்பதை வைத்து மருந்து காரணம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

தேதிகளோடு சேர்த்துப் படிப்பது

புது மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய வாரம் ஒரு எப்வொர்த் தாள் நிரப்பப்பட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. இதைப் பல இடங்களில் யாரும் செய்வதில்லை. தூக்கம் தொல்லையாக ஆன பிறகே தாள் வெளியே வருகிறது. அப்போது வரும் 14 என்ற எண், மருந்துக்கு முன்னால் 5 ஆக இருந்ததா 13 ஆக இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. சிகிச்சையே தொடங்காத புது நோயாளிகளின் சராசரி மதிப்பெண் அதே வயதுள்ள மற்றவர்களுடையதிலிருந்து பெரிதாக மாறுபடுவதில்லை என்றும், ஆண்டுகள் போகப் போகக் கூடுகிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே நோய் வந்த முதல் சில ஆண்டுகளில் எண் திடீரென்று தாவினால் சந்தேகம் முதலில் மருந்தின் பக்கம் போக வேண்டும். பத்து ஆண்டு கடந்த நோயாளியிடம் அதே தாவலை அவ்வளவு எளிதாக மருந்தின் தலையில் கட்ட முடியாது.

அளவு கூட்டும்போதெல்லாம் புதிய அளவில் மூன்று நான்கு வாரங்கள் ஓடிய பிறகு மறுபடி நிரப்ப வேண்டும். அதற்குள் நிரப்பினால், அளவு ஏறும் நாட்களில் மட்டும் வந்து தானாகத் தணியும் மயக்கமும் கணக்கில் சேர்ந்துவிடும். குறைக்கும்போதும் அதே இடைவெளி. எந்த மாற்றமும் செய்யாமலே இதே தாளை இரண்டு முறை நிரப்பினால் இரண்டு மூன்று புள்ளிகள் முன்பின் ஆகும். ஆகவே அந்த அளவுக்குள் அடங்கும் மாற்றத்தை மாற்றமாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய தாளை நோயாளிக்குக் காட்டாமல் நிரப்பச் சொல்வதும் அவசியம். மருந்து குறைந்தது என்று தெரிந்தவரின் கை, போன முறை போட்ட எண்ணைவிடச் சிறியதையே தேடும்.

ஒரு நோயாளியின் தாள்கள்

இந்த முறையை விளக்க அமைத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டு இது. வயது 64, ஓய்வுபெற்ற ஆசிரியர், நோய் தெரிந்து நான்கு ஆண்டுகள். லெவோடோபா–கார்பிடோபா மாத்திரை மூன்று வேளை சாப்பிடுகிறார். வலது கை நடுக்கம் அடங்காததால் மருத்துவர் பிராமிபெக்சோல் சேர்க்க முடிவு செய்கிறார். தொடங்கும் முன் நிரப்பிய தாளில் படிப்பது 1, தொலைக்காட்சி 1, பொது இடம் 0, பயணம் 1, பிற்பகல் படுக்கை 2, பேச்சு 0, சாப்பாட்டுக்குப் பின் 1, போக்குவரத்து 0. மொத்தம் 6. மனைவி நிரப்பியதிலும் அதே அளவு.

மாத்திரை மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரம் ஒரு படியாக ஏறி, ஒரு வேளைக்கு அரை மில்லிகிராம் வீதம் மூன்று வேளை என நாளுக்கு 1.5 மி.கி. ஆகிறது. அந்த அளவில் ஒரு மாதம் ஓடியபின் எண் 9. கூடிய மூன்று புள்ளிகளும் தொலைக்காட்சி, பிற்பகல் படுக்கை, சாப்பாட்டுக்குப் பின் என்ற மூன்று வரிகளிலிருந்து ஒவ்வொன்றாக வந்தவை. இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நடுக்கம் இன்னும் இருப்பதால் அளவு நாளுக்கு 2.25 மி.கி. ஆகக் கூட்டப்படுகிறது. நான்கு வாரத்துக்குப் பிறகு ஆசிரியரின் தாளில் 15, மனைவியின் தாளில் 18. பயணத்துக்கும் சாப்பாட்டுக்குப் பின் உட்காருவதற்கும் ஆசிரியர் 2 போட்ட இடத்தில் மனைவி 3 போடுகிறார். பேசும்போது தூங்குவது என்ற வரியில் ஆசிரியர் 0 போட, மனைவி 1 போடுகிறார். பேரனோடு பேசிக்கொண்டே இருந்தவர் பதில் சொல்லாமல் நின்றுவிட்டதை அவர் பார்த்திருக்கிறார்.

மூன்று நாள் கரோலின்ஸ்கா நோட்டு அடுத்ததாக எழுதப்படுகிறது. மாத்திரை நேரம் காலை 8, பிற்பகல் 2, இரவு 8. சராசரியாகக் காலை 8 மணிக்கு 3, பத்து மணிக்கு 7, பன்னிரண்டுக்கு 6, இரண்டு மணிக்கு 5, நான்கு மணிக்கு 8, ஆறு மணிக்கு 6. பிற்பகல் நான்கு மணியின் 8 பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும் சான்றாக அதற்கு வலு குறைவு. மதிய உணவுக்குப் பின் எல்லோருக்கும் வரும் சரிவும் அதில் கலந்திருக்கிறது. காலை பத்து மணியின் 7-தான் பேசுகிறது. இரவு தூங்கி எழுந்து, எட்டு மணிக்கு விழிப்பாக இருந்தவர், உணவுச் சரிவு ஏதும் இல்லாத நேரத்தில், மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் தூக்கத்துக்குள் போகிறார். மூன்று நாளும் அது திரும்ப வந்திருக்கிறது.

மருத்துவர் அளவைப் படிப்படியாக 1.5 மி.கி.க்கு இறக்குகிறார். நான்கு வாரத்தில் ஆசிரியரின் தாள் 10, மனைவியின் தாள் 11. அதன் பிறகு பிராமிபெக்சோல் மெதுவாக முழுதும் நிறுத்தப்பட்டு, நடுக்கத்துக்காக லெவோடோபா ஒரு வேளை கூட்டப்படுகிறது. ஒரு மாதம் கழித்து இருவர் தாளும் 8. தொடக்கத்து 6-க்கும் இந்த 8-க்கும் உள்ள வித்தியாசம் தாளின் இயல்பான தடுமாற்றத்துக்குள் அடங்கும். கூட்டிய லெவோடோபாவுக்கும் இடைப்பட்ட மாதங்களில் முதிர்ந்த நோய்க்கும் அதில் சிறு பங்கு இருக்கலாம், அதைத் தாளால் பிரிக்க முடியாது. ஆனால் 18-இலிருந்து 8-க்கு இறங்கியதன் பெரும்பகுதி மருந்துடையது என்று சொல்ல இந்த வரிசை போதும்: முன்னால் இல்லை, ஏறும்போது ஏறியது, இறங்கும்போது இறங்கியது, மணிக்கணக்கும் மாத்திரையோடு ஒத்துப்போனது.

பக்கவிளைவுக்கு மருந்து காரணமா என்று மதிப்பிட மருந்தியலில் நரான்ஹோ அளவுகோல் என்று ஒன்று 1981 முதல் வழக்கத்தில் உள்ளது. அதில் பத்துக் கேள்விகள். இந்த ஆசிரியரின் கதையை அதில் போட்டுப் பார்த்தால் ஏற்கெனவே பதிவான பக்கவிளைவு என்பதற்கு 1, மருந்துக்குப் பின் வந்தது என்பதற்கு 2, நிறுத்தியதும் தணிந்தது என்பதற்கு 1, அளவோடு கூடிக் குறைந்தது என்பதற்கு 1. வேறு காரணமும் இருக்க முடியும் என்பதால் ஒன்று கழிகிறது. மொத்தம் 4, அதாவது ‘இருக்கலாம்’ என்ற தட்டு. மருந்தை மறுபடி கொடுத்துப் பார்த்திருந்தால் எண் கூடும், ஆனால் அப்படிக் கொடுப்பது நோயாளியை ஆபத்தில் விடுவது. நோயே தூக்கத்தைத் தரக்கூடியது என்ற நிலையில் இந்த அளவுகோல் எப்போதும் ஒரு படி தயங்கியே பேசும். அந்த எண்ணைவிட, தேதியிட்டு வரிசையாக அடுக்கிய தாள்களுக்கே இங்கே அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும்.

இதற்கு மாறான வடிவமும் உண்டு. மாத்திரை தொடங்கும் முன்பே 13, ஏற்றியபின் 14, இறக்கியபின் 13 என்று அசையாமல் நிற்கும் எண். நோட்டில் காலை முதல் மாலை வரை 6-ம் 7-மாக மேடு பள்ளமற்ற கோடு. இங்கே மாத்திரையைக் குறைப்பதில் பயன் இல்லை. இரவைப் பற்றிக் கேட்க வேண்டும். குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும் உண்டா, சிறுநீருக்கு எத்தனை முறை எழுகிறார், படுக்கையில் புரள முடியாமல் விழித்துக் கிடக்கிறாரா, கனவில் கத்திக் கை காலை வீசுகிறாரா என்று உடனிருப்பவரிடம் விசாரித்தால் பல சமயம் பகல் தூக்கத்தின் வேர் அங்கே கிடைக்கும். இரவும் சரியாக இருந்து எண் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மெல்ல ஏறினால் நோயின் பங்கு என்று கொள்வது நியாயம்.

கணக்கைக் கெடுப்பவை

மதிய உணவுக்குப் பிறகு மட்டும் வரும் மயக்கம் தூக்கமாக இல்லாமல் இரத்த அழுத்தச் சரிவாக இருக்கலாம். பார்க்கின்சன் நோயில் இது அடிக்கடி நேர்கிறது. டோபமைன் வகை மாத்திரைகளும் அழுத்தத்தை இறக்கும். நோட்டில் எண் உயரும் நேரத்தில் படுக்கவைத்து ஒரு முறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுமுறையும் அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், தூக்கத்தைப் பற்றிப் பேசும் முன் அதைக் கவனிக்க வேண்டும்.

மருந்தின் அளவு மாறாமலே எண் ஏறினாலும் காரணம் மருந்தாக இருக்கலாம் என்பது பலரும் தவறவிடும் செய்தி. பிராமிபெக்சோல் பெரும்பாலும் உருமாறாமல் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் தளரத் தளர, அதே மாத்திரை உடம்பில் அதிகமாகத் தேங்கும். இரண்டு ஆண்டாக ஒரே அளவு சாப்பிட்டுவந்தவருக்கு 8 ஆக இருந்த எண் 14 ஆனால், நோய் முற்றிவிட்டது என்று எழுதும் முன் இரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பது முறை. அதோடு, மருந்து தொடங்கி ஓராண்டு வரை கழித்தும் திடீர்த் தூக்கம் முதன்முறையாக வந்ததுண்டு. இத்தனை நாள் ஒன்றும் செய்யாத மாத்திரை இப்போது என்ன செய்யும் என்ற வாதம் இந்த மருந்தைப் பொறுத்தவரை செல்லாது.

மற்ற மாத்திரைகளையும் பையோடு கொண்டுவரச் சொல்ல வேண்டும். கனவுக் கூச்சலுக்காகக் கொடுத்த குளோனாசெப்பம், மனப்பிரமைக்குக் கொடுத்த குவெட்டியாபின், நரம்பு வலிக்கு வேறொருவர் எழுதிய காபாபென்டின் அல்லது அமிட்ரிப்டிலின், சளிக்காகக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை ஆகிய எல்லாமே பகலில் கண்ணை இழுக்கும். இவற்றில் ஏதாவது ஒன்று பிராமிபெக்சோல் கூடிய அதே வாரத்தில் தொடங்கியிருந்தால் வரிசை குழம்பிவிடும். ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டும் மாற்றி, நடுவில் ஒரு தாள் நிரப்புவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது.

எண்ணைப் பார்த்துப் பயந்து வீட்டிலேயே மாத்திரையை நிறுத்துவது மிகவும் ஆபத்தானது. இந்த வகை மருந்துகளைத் திடீரென்று விட்டால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, நினைவுக் குழப்பம் என உயிருக்கே ஆபத்தான நிலை வரக்கூடும். மெதுவாகக் குறைத்தாலும் சிலருக்குப் பதற்றம், மனச்சோர்வு, வியர்வை, மருந்துக்கான ஏக்கம் எனத் தொல்லைகள் வாரக்கணக்கில் நீளும். அளவைக் குறைப்பது எப்போதும் மருத்துவர் போட்டுத் தரும் படிகளின்படியே நடக்க வேண்டும்.

வண்டி ஓட்டுபவர்களுக்குத் தனி எல்லை

வண்டி ஓட்டுபவரிடம் 10 என்ற பொது எல்லையை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. கனடாவில் பார்க்கின்சன் நோயாளிகள் 638 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியான ஆய்வு, ஓட்டும்போது தூங்கியவர்களைக் கண்டுபிடிக்க எப்வொர்த் எண் 7 என்ற தாழ்ந்த எல்லையை எடுத்துப் பார்த்தது. அப்படியும் நான்கில் மூன்று பேர்தான் வலையில் விழுந்தார்கள். தூங்காதவர்களிலும் நிறையப் பேர் அதில் சிக்கினார்கள். எனவே 7-க்குக் கீழே இருப்பதை ஓட்டலாம் என்ற அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓட்டுபவரிடம் எண்ணைத் தாண்டி நேராகக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: சாப்பிடும்போதோ பேசும்போதோ வேலை செய்யும்போதோ எப்போதாவது முன்னறிவிப்பு இல்லாமல் தூங்கியது உண்டா? சிவப்பு விளக்கில் நிற்கும்போது பின்னால் ஒலிப்பான் அடித்த பிறகே விழித்தது உண்டா? ஒன்றுக்கு ஆம் என்றாலும், மருந்து சரிசெய்யப்பட்டு மறுபரிசீலனை ஆகும்வரை சாவியை வீட்டில் வேறொருவர் வைத்திருக்க வேண்டும். இருசக்கர வாகனத்துக்கும் இதே விதி பொருந்தும்.

நோயாளியின் தாளும் உடனிருப்பவரின் தாளும் தொடர்ந்து முரண்படும்போதும், மருந்து முழுதாக விலகி ஒரு மாதம் ஆகியும் எண் 11-க்கு மேலேயே நிற்கும்போதும் கேள்வித்தாளின் எல்லை முடிகிறது. அதற்கு மேல் உறக்க ஆய்வகம்தான். அங்கே ஓர் இரவு முழுக்க மூச்சும் மூளை அலையும் பதிவாகும். மறுநாள் பகலில் இரண்டு மணி நேர இடைவெளியில் நான்கைந்து முறை படுக்கவைத்து, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடத்தில் தூங்குகிறார் என்று அளப்பார்கள். போகும்போது இதுவரை நிரப்பிய தாள்களையும் மூன்று நாள் நோட்டையும் மருந்துத் தேதிகளையும் ஒரே உறையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். ஆய்வகத்தின் ஒரு நாள் அளவை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் அங்கே இருப்பவர்கள் படிப்பார்கள்.